சேலத்தில் டிபன் கடைக்கு இடம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பல வருடங்களாக டிபன் கடை நடத்துகிறேன். புதிதாகக் கடை போட நினைப்பவர்கள் இடத்தைக் காட்டி, "இங்கே ஓடுமா?" என்று கேட்பார்கள். நின்று எண்ணாமல் யாராலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. எண்ணுவது எப்படி, பக்கத்துக் கடைகளைப் பார்ப்பது எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அண்ணா, ரோட்டுல கூட்டம் கண்ணுக்கே தெரியுதே, அதைப் போய் நின்னு எண்ணணுமா?"

எண்ணத்தான் வேண்டும். இடம் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு, பதினோரு மணி வாக்கில் புரோக்கரோடு போகிறார்கள். டிபன் கடைக்குப் பதினோரு மணி செத்த நேரம். காலை டிபன் முடிந்திருக்கும், மதியச் சாப்பாடு தொடங்கியிருக்காது. அந்த நேரத்தில் தெரியும் கூட்டம் துணி எடுக்க வந்தது, பேங்குக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்தது. அதில் இட்லி சாப்பிட வந்தவர் யாரும் இல்லை.

நமக்கு வேண்டியது காலை ஆறரையிலிருந்து பத்தரை வரையும், மாலை ஆறிலிருந்து பத்து வரையும் நம் கடை வாசலைக் கடந்து போகிறவர்கள். அதே தெருவை அந்த எட்டு மணி நேரத்தில் பார்த்தால் வேறு தெரு மாதிரி இருக்கும். செவ்வாய்ப்பேட்டை மண்டிப் பக்கம் விடிகாலையிலேயே சுமை இறக்குகிறவர்கள் பசியோடு இருப்பார்கள். இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில் ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும். பகலில் போய்ப் பார்த்தால் இந்த இரண்டுமே தெரியாது.

"எத்தனை நாள் எண்ணணும்? ஒரு நாள் பார்த்தா போதாதா?"

குறைந்தது நான்கு நாள். வாரத்தின் நடுவில் ஒரு நாள் (செவ்வாய் அல்லது புதன்), வெள்ளி, சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமையைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விரதம் இருக்கிறவர்கள் ராத்திரி சோறு தவிர்த்து டிபன்தான் சாப்பிடுவார்கள். அசைவம் சாப்பிடும் வீடுகளும் அன்று சைவத்துக்கு மாறும். அமாவாசை, கிருத்திகைக்கும் இதேதான். அந்த ஒரு ராத்திரியை வைத்துக்கொண்டு தினமும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் மற்ற நாட்களும் வேண்டும்.

என் முதல் கடையில் நான் தோற்றது இந்த இடத்தில்தான். இரண்டு நாள் எண்ணினேன், காலையில் நல்ல கூட்டம். அட்வான்ஸ் கொடுத்துக் கடையும் போட்டேன். முதல் மாதத்தில் அந்தக் கூட்டத்தில் பாதிகூட வரவில்லை. பிறகுதான் பழைய காலண்டர் தாளைத் தேடிப் பார்த்தேன். நான் எண்ணிய இரண்டு நாளும் முகூர்த்த நாள். முந்நூறு அடி தள்ளி ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. நான் எண்ணியது பாதியும் கல்யாணத்துக்கு வந்தவர்களை. அவர்களுக்கு டிபன் மண்டபத்திலேயே காத்திருந்தது. ஒன்பது மாதத்தில் கடையைக் காலி செய்தேன்.

அதனால் எண்ணப் போகும் முன் தினசரி காலண்டரைப் பாருங்கள். முகூர்த்தம், பள்ளி விடுமுறை, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா வாரம், மழை கொட்டிய நாள் எல்லாவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் நோட்டில் அந்த நாளின் பெயரோடு குறித்து வைத்து, கணக்கில் சேர்க்காதீர்கள்.

"எட்டு மணி நேரமும் அசையாம நின்னு எண்ண முடியுமா சார்? வேற வழி இல்லையா?"

முழு நேரமும் எண்ண வேண்டாம். ஒவ்வொரு மணியிலும் விடாமல் பதினைந்து நிமிடம் எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். ஐந்து நிமிடம் எண்ணிப் பன்னிரண்டால் பெருக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் அது தப்பாகிவிடும். ஒரு டவுன் பஸ் வந்து நின்றால் முப்பது பேர் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், அடுத்த எட்டு நிமிடம் காலியாக இருக்கும். உங்கள் ஐந்து நிமிடம் எதில் மாட்டுகிறதோ அதுதான் பன்னிரண்டு மடங்காக வரும். தொடங்கும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள். ஒரு மணியில் சரியாக ஏழுக்கு, அடுத்ததில் எட்டேகாலுக்கு, அதற்கடுத்து ஒன்பதரைக்கு.

நிற்கும் இடத்திலிருந்து நேராக ஒரு மின்கம்பத்தையோ சுவரின் விளிம்பையோ கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்தான் கணக்கு. நின்று பேசுகிறவரும் சுற்றித் திரிகிறவரும் கணக்கில் வரமாட்டார்கள். நோட்டில் நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுக்கலாம், ஆனால் தலையைக் குனியும்போது நாலு பேர் போய்விடுவார்கள். நான் நாமஜபம் எண்ணுவதற்காக விற்கும் விரல் கவுண்டர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். இடது விரலில் இருப்பது போகிற எல்லோருக்கும், வலது விரலில் இருப்பது நம் கடைக்கு வரக்கூடியவருக்கு. பதினைந்து நிமிடம் முடிந்ததும் இரண்டு எண்ணையும் எழுதிவிட்டுப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவேன். கண் ரோட்டிலேயே இருக்கும்.

"வரக்கூடியவர்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? முகத்துல எழுதியா இருக்கு?"

ஓரளவு எழுதித்தான் இருக்கிறது. காலை எட்டரைக்குச் சீருடையில் போகும் பள்ளிப் பிள்ளைகள் வீட்டில் சாப்பிட்டு வந்தவர்கள், கையில் காசும் இருக்காது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் நிற்கமாட்டார். டிபன் கேரியர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவர் காலை டிபனையும் வீட்டில்தான் முடித்திருப்பார். இவர்களை இடது விரலில் மட்டும் எண்ணுங்கள்.

வலது விரலுக்கு வருகிறவர்கள்: ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து பையோடு நிதானமாக நடக்கிறவர், ஐ.டி. கார்டு மாட்டிய தனியாள், கடை திறக்கப் போகிற சேல்ஸ் பையன்கள், ஆஸ்பத்திரிப் பையில் பிளாஸ்க்கோடு நடக்கிற அம்மா, குடும்பமாகப் போகிறவர்கள். சந்தேகமாக இருந்தால் எண்ணாதீர்கள். குறைவாக எண்ணி ஏமாந்தவரை நான் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயம், உங்கள் பக்கத்தையும் எதிர்ப் பக்கத்தையும் தனித்தனியாக எண்ணுங்கள். நடுவில் தடுப்புச் சுவர் இருக்கும் ரோட்டில் எதிர்ப் பக்கம் போகிறவர் உங்களுக்கு இல்லை. சேலத்து வெயிலில் இன்னொன்றும் நடக்கும். காலை ஒன்பதுக்கு மேல் ஜனங்கள் நிழல் விழும் பக்கமாக ஒதுங்கி நடப்பார்கள். மார்கழியில் எண்ணி எடுத்த இடம் சித்திரையில் ஆளில்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"நடக்கறவங்களைவிட பைக்குல போறவங்கதான் ஜாஸ்தி. அவங்களை எண்ண வேண்டாமா?"

எண்ணுங்கள், ஆனால் தனி வரிசையில். நடக்கிறவரோடு சேர்த்துவிட்டால் எண்ணிக்கை பெரிதாகத் தெரியும், வியாபாரம் அந்த அளவுக்கு வராது. பைக்கில் போகிறவர் நிற்க மூன்று விஷயம் அமைய வேண்டும். தூரத்திலேயே போர்டு தெரிய வேண்டும், வண்டி நிறுத்த இடம் வேண்டும், அவர் போகும் திசையில் இடது பக்கமாகக் கடை இருக்க வேண்டும். காலை வேலைக்குப் போகும் அவசரத்தில் யாரும் யூ டர்ன் எடுத்து வந்து பொங்கல் சாப்பிடமாட்டார்கள்.

ஆக, ஒவ்வொரு ரோட்டுக்கும் காலைப் பக்கம், மாலைப் பக்கம் என்று உண்டு. ஊருக்குள் வேலைக்கு வருகிற திசையின் இடது பக்கம் காலை டிபனுக்கு நல்லது. வீடு திரும்பும் திசையின் இடது பக்கம் ராத்திரிப் பார்சலுக்கு நல்லது. உங்கள் கடை எதில் இருக்கிறது என்று பார்த்து, எந்த வேளை உங்களைக் காப்பாற்றும் என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மேம்பாலம் வந்த இடங்களில் இதை இரண்டு மடங்கு கவனியுங்கள். ஐந்து ரோட்டில் ஈரடுக்குப் பாலம் திறந்த பிறகு, முன்பு கீழே சிக்னலில் நின்று கடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் இப்போது மேலேயே போய்விடுகிறார்கள். பாலத்தடியில் இடம் பார்க்கிறவர்கள் கீழே போகும் வண்டியை மட்டும் எண்ண வேண்டும்.

"பக்கத்துல வேற டிபன் கடையே இல்லாத இடமா பார்த்திருக்கேன். நல்ல இடம்தானே அண்ணா?"

எனக்கு அங்கேதான் பயம் வரும். நல்ல கூட்டம் இருந்தும் ஒரு டிபன் கடைகூட இல்லை என்றால், ஏற்கெனவே நாலு பேர் முயன்று மூடியிருக்கலாம். எதிர் டீக்கடையில் டீ குடித்துக்கொண்டே "இதுக்கு முன்னாடி இங்க என்னங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். பத்து வருடக் கதை வரும். தண்ணீர் வராதது, சாக்கடை அடைப்பு, மாடியில் இருப்பவரோடு புகைக்காகச் சண்டை என்று இடத்துக்காரர் சொல்லாததெல்லாம் அங்கே தெரியும்.

இரண்டு மூன்று கடை இருந்து, அத்தனையிலும் எட்டரை மணிக்கு இடமில்லாமல் ஆட்கள் நின்றால், அதுதான் தேடிய இடம். "இந்த இடத்துக்குப் போனால் டிபன் கிடைக்கும்" என்ற பழக்கத்தை அந்தக் கடைகள் ஏற்கெனவே உண்டாக்கி வைத்திருக்கின்றன. அதைப் புதிதாக உண்டாக்க ஒரு கடைக்கு வருடக்கணக்கில் ஆகும்.

அப்புறம், போட்டி என்றால் போர்டு வைத்த ஓட்டல் மட்டும் இல்லை. காலையில் தள்ளுவண்டி இட்லி, டீயோடு பன்னும் பஃப்ஸும் கொடுக்கும் பேக்கரி, பக்கத்தில் இருந்தால் ஒரு ரூபாய் இட்லி தரும் அம்மா உணவகம், எல்லாமே அதே பசியைத்தான் தீர்க்கின்றன. மாலையில் நம் ஊர் தட்டுவடை செட் கடைகளை மறக்கவே கூடாது. ஆறரைக்கு இரண்டு செட் சாப்பிட்டவருக்கு எட்டரைக்குத்தான் பசிக்கும். அந்தத் தெருவில் செட் வண்டிகள் அதிகம் என்றால் உங்கள் ராத்திரிக் கூட்டம் தாமதமாகத் தொடங்கும், அவ்வளவுதான்.

"பக்கத்துக் கடையில என்ன வியாபாரம்னு அவங்க சொல்லவா போறாங்க? எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சொல்லமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். வாசலில் நுழைகிறவர்களை, மேலே சொன்ன அதே பதினைந்து நிமிடக் கணக்கில் எண்ணுங்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறவர், பார்சல் வாங்கிப் போகிறவர், எட்டிப் பார்த்துவிட்டு இடமில்லாமல் திரும்புகிறவர் என்று மூன்றாகப் பிரியுங்கள். மூன்றாவது ஆள்தான் உங்களுக்கு முக்கியம். அவர் ஏற்கெனவே பசியோடு வந்து, காசு கொடுக்கத் தயாராக இருந்து, கிடைக்காமல் போனவர்.

பில் நம்பர் இன்னொரு வழி. காலை கடை திறந்ததும் போய் ஒரு காபி குடித்துப் பில் வாங்குங்கள். பத்தரைக்கு இன்னொரு காபி, இன்னொரு பில். நடுவில் உள்ள வித்தியாசம் அந்தக் காலைக்கான பில்கள். இதில் ஏமாறவும் வழியுண்டு. ஒரு பில்லில் நாலு பேர் சாப்பிட்டிருக்கலாம், பார்சலுக்குத் தனி கவுண்டரும் தனி வரிசை எண்ணும் இருக்கலாம், ஆன்லைன் ஆர்டர் வேறு மெஷினில் போகலாம். வாசலில் எண்ணியதையும் பில் வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசல் எண்ணிக்கை 180, பில் 95 என்றால் ஒரு பில்லுக்கு ஏறக்குறைய இரண்டு பேர், பொருந்துகிறது. வாசலில் 180, பில் 30 என்றால் எதையோ விட்டிருக்கிறீர்கள்.

உள்ளே உட்கார்ந்திருக்கும்போது காதையும் திறந்து வையுங்கள். சப்ளையர் மாஸ்டருக்குக் குரல் கொடுப்பதை நாற்பது ஆர்டர் வரை மனதில் எண்ணினாலே அந்த இடத்தின் நாக்கு தெரிந்துவிடும். ரோஸ்ட் அதிகமா, இட்லி வடை அதிகமா, பூரிக்கு எத்தனை பேர். சுவரில் இருக்கும் விலைப் பட்டியலோடு இதைப் பெருக்கினால் தலைக்கு எவ்வளவு பில் என்று வந்துவிடும். எது எத்தனை மணிக்குத் தீர்ந்துபோகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கே பொங்கல் தீர்ந்துவிடுகிற கடைக்கு எதிரில் பத்து வரை சூடான பொங்கல் வைத்திருப்பது ஒரு நல்ல தொடக்கம்.

"ஒருத்தர் கடையில போய் உக்காந்து இப்படி நோட்டம் பார்க்கறது தப்பில்லையா? சண்டைக்கு வந்தா?"

காசு கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணில் படுவதைப் பார்ப்பதில் தப்பில்லை. சமையலறைக்குள் எட்டிப் பார்ப்பது, ஃபோட்டோ எடுப்பது, மாஸ்டரிடம் சம்பளம் கேட்டு ஆசை காட்டுவது, இவை தப்பு. நோட்டை டேபிளில் விரிக்காதீர்கள். கூட்ட நேரத்தில் ஒரு காபியோடு அரை மணி நேரம் சீட்டை அடைத்துக்கொண்டு இருப்பதும் நியாயமில்லை. அடுத்த வருடம் அவருக்குப் பக்கத்துக் கடைக்காரராக இருக்கப் போகிறீர்கள். அவசரத்துக்கு இரண்டு கிலோ மாவு கைமாற்றாகக் கேட்கும் நாளும் வரும்.

"சரி, எல்லாம் எண்ணியாச்சு. நோட்டு நிறைய நம்பர் இருக்கு. இதை வச்சு எப்படி முடிவு பண்றது?"

என் மச்சானுக்காக இரண்டு இடம் பார்த்த கணக்கை அப்படியே தருகிறேன். இரண்டிலும் முப்பது பேர் உட்காரலாம். முதல் இடம் புதிய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய ரோட்டில், வாடகை 60,000, பத்து மாத அட்வான்ஸ் 6 லட்சம். இரண்டாவது அஸ்தம்பட்டியைத் தாண்டி, வீடுகளும் சின்ன ஆபீஸ்களும் கலந்த ரோட்டில், வாடகை 28,000, அட்வான்ஸ் 2.8 லட்சம்.

பஸ் ஸ்டாண்ட் இடத்தில் சாதாரண நாள் காலையில் எங்கள் பக்கம் நடந்து போனவர்கள் 2,400 பேர். அஸ்தம்பட்டியில் 620 பேர்தான், கூடவே நிறைய பைக். இந்த ஒரு எண்ணைப் பார்த்ததும் மச்சான் பஸ் ஸ்டாண்டுக்கே டோக்கன் கொடுக்கக் கிளம்பிவிட்டார். பிடித்து உட்காரவைத்துப் போட்டிக் கடைக் கணக்கையும் பார்த்தோம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஏற்கெனவே மூன்று கடை. மூன்றிலும் சேர்த்துக் காலையில் நுழைந்தவர்கள் 360 பேர், இடமில்லாமல் திரும்பியவர்கள் 20. நாலாவதாக நாம் போய் எல்லோரும் சமமாகப் பங்கு போட்டால் காலைக்கு 95 பேர். ராத்திரி அதே மாதிரி 320 பேரை நாலால் வகுக்க 80. தலைக்கு 70 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 12,250, மாதத்துக்கு 3,67,500. வாடகை அதில் நூற்றுக்குப் பதினாறு ரூபாய்க்கு மேல்.

அஸ்தம்பட்டியில் இரண்டு கடை. காலையில் நுழைந்தவர்கள் 230, திரும்பியவர்கள் 30. மூன்றால் வகுத்தால் 86, நாங்கள் 85 என்று வைத்துக்கொண்டோம். ராத்திரி 180-ஐ மூன்றால் வகுக்க 60. காலையில் தலைக்கு 60, ராத்திரி 65 ரூபாய். ஒரு நாளைக்கு 9,000, மாதத்துக்கு 2,70,000. வாடகை நூற்றுக்குப் பத்து ரூபாய் சொச்சம். டிபன் கடையில் வாடகை விற்பனையில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மூச்சு விடலாம், பதினைந்தைத் தாண்டினால் மாஸ்டர் சம்பளத்திலோ எண்ணெயிலோ கை வைக்க வேண்டிவரும் என்பது என் அனுபவம். நாலு மடங்கு ஆள் நடமாட்டம் இருந்தும் பஸ் ஸ்டாண்ட் இடம் இந்தக் கணக்கில் தோற்றது.

"புதுக் கடைக்கு முதல் நாளே சமமா பங்கு கிடைச்சுடுமா? அந்தக் கணக்கு கொஞ்சம் ஆசையா இல்ல?"

சரியான சந்தேகம். கிடைக்காது. அதனால் மேலே வந்த எண்ணை முதல் சில மாதங்களுக்கு நூற்றுக்கு அறுபதாகக் குறைத்து இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அஸ்தம்பட்டி இடம் மாதம் 1,62,000-க்கு இறங்குகிறது, வாடகை பதினேழு சதவீதம் ஆகிறது. கஷ்டம், ஆனால் கையில் மூன்று நாலு மாத வாடகை இருந்தால் தாங்கலாம். பஸ் ஸ்டாண்ட் இடம் 2,20,500-க்கு இறங்குகிறது, வாடகை இருபத்தேழு சதவீதம். ஆறு லட்சம் அட்வான்ஸ் கொடுத்த பிறகு அதைத் தாங்க யாரிடமும் பணம் மிச்சமிருக்காது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பஸ் ஸ்டாண்டில் இன்று சாப்பிட்டவர் நாளை தர்மபுரியில் இருப்பார். உங்கள் சட்னி நன்றாக இருக்கிறது என்ற பேச்சு அங்கே மெதுவாகத்தான் சேரும். குடியிருப்புப் பகுதியில் திருப்தியாகச் சாப்பிட்டவர் வாரம் மூன்று நாள் வருவார், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே பார்சல் வாங்குவார். அங்கே அறுபது நூறாகும் வாய்ப்பு அதிகம். அதே காரணத்தால், முதல் மாதத்தில் சாம்பார் ஊசிப்போனால் ஊரே சொல்லும்.

"கூட்டம் வந்தாலும் முப்பது சீட்டுல அவ்வளவு பேரை உக்காரவைக்க முடியுமா?"

எண்பத்தைந்து பேரும் நாலு மணி நேரத்தில் சமமாகப் பிரிந்து வருவதில்லை. என் நோட்டுகளில் காலைக் கூட்டத்தில் பாதி எட்டிலிருந்து ஒன்பதேகாலுக்குள் வந்துவிடுகிறது. டிபனுக்கு ஒருவர் இருபது நிமிடம் உட்கார்வார். முப்பது சீட்டில் மணிக்குத் தொண்ணூறு பேர் என்று கணக்கு சொல்லும். ஆனால் நாலு பேர் டேபிளில் இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் தயங்குவார், டேபிள் துடைக்கும் நேரமும் இருக்கிறது. அறுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். 85 பேருக்கு அது தாராளம். இதை முதலில் சொன்ன போட்டிக் கடைகளுக்கும் போட்டுப் பாருங்கள். இடமில்லாமல் ஆட்கள் திரும்புவது சீட் போதாததாலா, அல்லது ஒரே தோசைக்கல்லில் ரோஸ்ட் தாமதமாவதாலா என்று தெரியும். கல்தான் காரணம் என்றால், அவர் நாளைக்கே இன்னொரு கல் போட்டு உங்கள் முப்பது பேரையும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும்.

"காலேஜ் எதிர்லயே ஒரு இடம் வருது சார். பசங்க கூட்டம் எப்பவும் இருக்கும், யோசிக்காம எடுக்கலாமா?"

ஒரே வாசலிலிருந்து வரும் கூட்டத்துக்கு ஒரே பூட்டும் உண்டு. செமஸ்டர் விடுமுறை, பரீட்சைக்கு முந்தைய படிப்பு விடுமுறை, கோடை என்று வருடத்தில் மூன்று மாதம் வாசல் காலியாக இருக்கும். வாடகை பன்னிரண்டு மாதமும் கொடுக்க வேண்டும். அதனால் காலேஜ் இடத்தில் விடுமுறை நாளில் ஒரு முறை எண்ணியே ஆக வேண்டும். அன்றைக்கும் பாதியாவது இருந்தால் எடுக்கலாம். அரசு ஆஸ்பத்திரிப் பக்கம் இந்தப் பிரச்சினை இல்லை, அங்கே வருடம் முழுவதும் ஆள் உண்டு. ஆனால் தலைக்கு ஆகும் பில் குறைவு. நோயாளிக்கு நாலு இட்லி பார்சல், கூட இருப்பவருக்கு ஒரு காபி, அவ்வளவுதான். விலையை அதற்கேற்ப வைத்துக் கணக்குப் போடுங்கள்.

"ஏற்காட்டுல போடலாம்னு நினைக்கறேன். சனி ஞாயிறு ஏரிப் பக்கம் நிக்க இடமில்ல. அங்கயும் இதே கணக்குதானா?"

எண்ணும் முறை அதே. நாட்கள்தான் வேறு. அங்கே சனி, ஞாயிறு ஒரு ஊர், செவ்வாய், புதன் இன்னொரு ஊர். வார நாள் எண்ணிக்கையை ஐந்தாலும் வாரக் கடைசி எண்ணிக்கையை இரண்டாலும் பெருக்கிக் கூட்டித்தான் ஒரு வாரம் வரும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துவிட்டு மாட்டிக்கொண்டவரைத் தெரியும். மே மாதக் கோடை விழா நாட்களை மொத்தமாக ஒதுக்கிவிடுங்கள், அது ஆண்டுக்கு ஒரு முறை வரும் வருமானம்.

மணிக்கணக்கும் மாறுகிறது. கீழே சேலத்திலிருந்து காரில் கிளம்புகிற குடும்பம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே வரும்போது பத்துக்கு மேல் ஆகிவிடும். டிபன் நேரம் முடிந்து சாப்பாட்டைத் தேடும் நேரம் அது. மேலே தங்குகிறவர்களில் பலருக்கு ரூம் வாடகையிலேயே காலை டிபன் சேர்ந்திருக்கும். மிஞ்சுவது எஸ்டேட் வேலையாட்கள், கடைக்காரர்கள், டிரைவர்கள், உள்ளூர்க்காரர்கள். உங்கள் வார நாள் வியாபாரம் முழுக்க அவர்கள்தான். அவர்கள் கொடுக்கக்கூடிய விலையில் கடை ஓடுமா என்று முதலில் பாருங்கள். ஏரியை எண்ணாமல், காலை ஏழு மணிக்கு ஒண்டிக்கடைப் பக்கம் நின்று எண்ணச் சொல்வேன்.

டூரிஸ்ட் வேண்டும் என்றால் மலை ஏறுவதற்கு முன்பே பிடிக்கலாம். அடிவாரத்துக்கு முன்னால், கோரிமேடு பக்கம், மேலே போகும் திசையின் இடது பக்கம் ஒரு இடம் கிடைத்தால் சனி, ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை எண்ணிப் பாருங்கள். வளைவில் வாந்தி வரும் என்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுக்காமல் ஏறுகிற பெற்றோரும் நிறைய உண்டு. அதனால் போகிற கார்களை எண்ணிப் பயனில்லை. அங்கிருக்கும் கடைகளில் நிற்கிற கார்களை எண்ணுங்கள்.

"இவ்வளவு எண்ணிட்டு இருந்தா இடம் போயிடுமே. ஓனர் இன்னைக்கே டோக்கன் கேட்கறாரு, வேற பார்ட்டி ரெடியா இருக்குங்கறாரு. என்ன பண்ண?"

வேற பார்ட்டி எப்போதும் ரெடியாகத்தான் இருப்பார். நல்ல இடம் கைவிட்டுப் போகும் என்ற பயம் உண்மையானது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு வழி இருக்கிறது. சின்னத் தொகையாக, பத்தாயிரம் மாதிரி, டோக்கன் கொடுத்துப் பத்து நாள் அவகாசம் கேளுங்கள். இத்தனாம் தேதிக்குள் வேண்டாம் என்று சொன்னால் டோக்கன் திரும்பிவிடும் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். பத்து நாளில் ஒரு வெள்ளி, ஒரு சனி, ஒரு ஞாயிறு, வாரத்தின் நடுவில் ஒரு நாள் எல்லாமே வந்துவிடும். திருப்பித் தரமாட்டேன் என்று அவர் சொன்னாலும், பத்தாயிரம் போனால் போகட்டும் என்று எண்ணிப் பார்க்கலாம். எண்ணாமல் ஆறு லட்சம் கொடுப்பதைவிட அது சிறிய நஷ்டம்.

எழுத்தில் எதுவும் தரமாட்டேன், இன்றே முழு அட்வான்ஸும் வேண்டும் என்றால், அன்று மாலை ஆறிலிருந்து பத்து வரையும் மறுநாள் காலை ஆறரையிலிருந்து பத்தரை வரையுமாவது நின்று எண்ணிவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லுங்கள். ஒரே ஒரு ராத்திரி அவகாசம்தான். அதற்கும் சம்மதிக்காத ஓனரின் இடத்தை நான் எடுத்ததில்லை. போகும்போது எதிர் டீக்கடையில், இதற்கு முன் இருந்தவர் ஏன் காலி செய்தார் என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.